மூவாயிரத்தில் கடையடைப்பு

காலை எட்டரை மணிக்கு என் மனைவி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் நின்று, கைபேசியைப் பார்த்து ஆறு எண்களைச் சொல்வாள். அந்த எண் முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறிவிடும். அதற்குள் நான் கணினியில் தட்டி முடிக்க வேண்டும். என் பங்குக் கணக்குக்குள் நுழையும் இரண்டாவது சாவி அது. என் கைபேசியில் இருந்ததை 2022 கடைசியில் நானேதான் அவள் கைபேசிக்கு மாற்றிக் கொடுத்தேன்.

மாற்றியதற்கு ஒரு நாள் காரணம். அன்று காலை நிஃப்டி பியூச்சர்ஸில் ஒரு லாட் வாங்கி, பத்து மணிக்குள் 1,400 ரூபாய் நட்டம். நூல் கமிஷன் தொழிலில் அது ஒரு பார்ட்டி பில்லில் கழிந்துபோகும் தொகை. ஆனால் அதை அன்றே எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. அடுத்தது விற்றேன், அதுவும் தவறியது. ஒரு லாட் இரண்டானது, இரண்டு மூன்றானது. மதியச் சோற்றைத் தட்டோடு கணினி முன்னால் வைத்துத் தின்றேன். மாலை மூன்றே காலுக்கு மேல் தரகரின் கணினியே என் கடைசி லாட்டை வெட்டிவிட்டது. இரவு மின்னஞ்சலில் வந்த கான்ட்ராக்ட் நோட்டில் பதினேழு சுற்று வியாபாரம், நட்டம் 38,000 ரூபாய். அதில் தரகும் வரியும் மட்டுமே ஐயாயிரத்துக்கு மேல்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஈரோட்டிலிருந்து கோவைக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். கோவைக்கென்று தனிப் பங்குச்சந்தை இருந்த காலத்தில் சப்‌புரோக்கராக உட்கார்ந்தவர். தாளை இரண்டு முறை படித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

“தம்பி, இந்த மூணாவது வியாபாரம் எதுக்குங்க பண்ணுனீங்க?”

என்னிடம் பதில் இல்லை. முதல் இரண்டுக்காவது ஒரு வரைபடக் காரணம் இருந்தது. மூன்றாவதிலிருந்து பதினேழாவது வரைக்கும் முந்தினதுதான் காரணம்.

அவர்தான் எனக்குத் திறப்பு வீச்சு முறையைச் சொல்லிக் கொடுத்தார். சந்தை திறந்த முதல் பதினைந்து நிமிடத்தில் போன உச்ச விலை, இறங்கிய அடி விலை இரண்டையும் கோடு போட்டுக்கொள்வது. விலை உச்சத்தை உடைத்தால் வாங்குவது, அடியை உடைத்தால் விற்பது. புதிதல்ல, டோபி கிரேபல் என்ற அமெரிக்க வணிகர் 1990-லேயே இதை வைத்துப் புத்தகம் எழுதியிருக்கிறார். இரவெல்லாம் சேர்ந்த செய்தியும் ஆர்டர்களும் காலையில் ஒன்றாக வந்து கொட்டுகின்றன. வாங்குகிறவனும் விற்கிறவனும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் அது. அந்த எல்லையை விட்டு விலை வெளியே வந்தால் ஒரு பக்கம் ஜெயித்திருக்கிறது என்பது இதன் அடிப்படை. பல நாள் அப்படி ஜெயித்த பக்கம் பத்து நிமிடத்தில் தோற்றும் போகும். அதனால் எங்கே நுழைவது என்பதைவிட எப்போது வெளியேறுவது என்பதில்தான் அந்தப் பெரியவர் அதிக நேரம் செலவிட்டார்.

“விலைக்கு மட்டும் ஸ்டாப் வச்சாப் பத்தாதுங்க. கடிகாரத்துக்கு ஒண்ணு வையுங்க. பணப்பைக்கு ஒண்ணு வையுங்க.”

இந்த மூன்று ஸ்டாப்பையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு 2023 முழுக்க வியாபாரம் செய்தேன்.

நுழைவு விதி சுருக்கமானது. 9:15 முதல் 9:30 வரை வீச்சு. அதற்கப்புறம் ஐந்து நிமிட கேண்டில் ஒன்று வீச்சுக்கு வெளியே முடிய வேண்டும்; தொட்டுவிட்டுத் திரும்பினால் கணக்கில்லை. ஸ்டாப் லாஸ் வீச்சின் நடுவில். பதினோரு மணிக்கு மேல் புது நுழைவு கிடையாது. ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு வியாபாரம். வீச்சு 25 புள்ளிக்குக் குறைவாக இருந்தால் வேண்டாம், ஏனென்றால் செலவே அதைத் தின்றுவிடும். 80 புள்ளிக்கு மேல் போனாலும் வேண்டாம்; அப்போது ஸ்டாப் லாஸ் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். ரிசர்வ் வங்கி வட்டி அறிவிக்கிற நாளில் கடையே திறப்பதில்லை. அறிவிப்பு காலை பத்து மணிக்கு வரும். நான் உள்ளே நுழைந்து உட்கார்ந்திருக்கும் நேரமும் அதுதான். ஸ்டாப் லாஸைத் தாண்டிக் குதித்துப் போய்விடும் விலை.

வீச்சைக் குறிப்பதிலேயே ஒரு கண்ணி உண்டு. பங்குகளுக்கு ஒன்பது மணிக்கே முன்திறப்பு அமர்வு ஆரம்பித்து, ஆர்டர்களைச் சேர்த்து ஒரு தொடக்க விலையைக் கட்டிவிடுவார்கள். அன்றைக்கு பியூச்சர்ஸுக்கு அது கிடையாது. 9:15 அடித்ததும் மொட்டையாகத் திறக்கும். முதல் சில விநாடியில் யாரோ அவசரத்தில் போட்ட ஒரு மார்க்கெட் ஆர்டர் விலையை இருபது புள்ளி மேலே இழுத்துப் போட்டுவிடும். வரைபடத்தில் அது நீண்ட திரியாக நிற்கும். அதை உச்சம் என்று கோடு போட்டால், அந்த விலையில் உண்மையில் யாரும் முட்டிக்கொள்ளவே இல்லை. பக்கத்திலேயே நிஃப்டி இண்டெக்ஸின் வரைபடத்தைத் திறந்து வைத்துப் பார்ப்பேன். பியூச்சர்ஸில் திரி இருந்து இண்டெக்ஸில் இல்லையென்றால் அது பொய் உச்சம். அடுத்த நிமிடத்து உச்சத்தை எடுத்துக்கொள்வேன்.

கடிகார ஸ்டாப்புக்கு இரண்டு முள். சிறிய முள் நாற்பத்தைந்து நிமிடம். நுழைந்து அவ்வளவு நேரத்துக்குள் விலை என் பக்கம் வீச்சில் பாதி தூரமாவது ஒரு முறை போயிருக்க வேண்டும். போகாவிட்டால் லாபமோ நட்டமோ அந்த விலையில் வெளியே. போயிருந்தால் ஸ்டாப் லாஸை நான் நுழைந்த விலைக்கு நகர்த்திவிட்டுக் காத்திருப்பேன். பெரிய முள் மாலை 3:10. எது எப்படி இருந்தாலும் அப்போது முடித்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் தரகரே வெட்டிவிட்டு, வெட்டுக்கூலியாக ஐம்பது ரூபாயும் ஜிஎஸ்டியும் போடுவார். எல்லா வியாபாரத்தையும் ஒரே நேரத்தில் முடித்துவிடலாமே, மதியம்தான் சந்தை தூங்குகிறதே என்று முதலில் கேட்டேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த முறையில் பத்துப் பதினைந்து நாளில் ஒரு நாள் விலை காலையில் பிடித்த பக்கமே மாலை வரைக்கும் ஓடும், மற்ற நாளின் சில்லறை நட்டத்தையெல்லாம் கட்டுவது அந்த ஒரு நாள், அதை மதியம் பன்னிரண்டுக்கே வெட்டினால் மிஞ்சுவது சில்லறை நட்டம்தான் என்றார். ஆகவே சிறிய முள் நகராத வியாபாரத்துக்கு மட்டும். நகர்ந்ததற்குப் பெரிய முள்.

பணப்பை ஸ்டாப் மூவாயிரம் ரூபாய். அந்த எண்ணை நான் சந்தையிலிருந்து எடுக்கவில்லை. கமிஷன் வரும்படியில் வீட்டுச் செலவு, பையன் படிப்பு எல்லாம் போக மாதம் ஏறக்குறைய பதினைந்தாயிரம் மிஞ்சும். மாதத்தில் ஐந்து நாள் முழு வரம்பையும் தொட்டுத் தோற்றால் போவது அவ்வளவுதான் இருக்க வேண்டும். ஐந்தால் வகுத்தேன், மூவாயிரம் வந்தது. முதலீட்டில் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு என் வீட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது தெரிந்தால் போதுமாக இருந்தது.

அந்த மூவாயிரத்தில் செலவும் அடங்கும். அதை நிறையப் பேர் கவனிப்பதில்லை, நானும் கவனித்ததில்லை. தரகரின் திரையில் ஓடும் லாப நட்டத்தில் தரகு, வரி எதுவும் கழித்திருக்காது. 2023 நடுவில் நிஃப்டி 18,000 சொச்சம், ஒரு லாட் 50. ஒரு லாட்டின் மதிப்பு ஒன்பது லட்சம். அதை வாங்கி விற்றால் பரிவர்த்தனை வரி 114 ரூபாய், தரகு 40, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 220 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. புள்ளிக் கணக்கில் நாலரை. ஒவ்வொரு வியாபாரமும் நாலரைப் புள்ளி பின்தங்கித்தான் கிளம்புகிறது. ஆகையால் புது வியாபாரம் போடுமுன் நோட்டில் ஒரு கழித்தல் கணக்குப் போடுவேன்: மூவாயிரத்தில் இதுவரை போனது போக மீதி எவ்வளவு, இந்த வியாபாரம் ஸ்டாப் லாஸில் முடிந்தால் செலவோடு எவ்வளவு போகும், மீதியைவிட அது அதிகமென்றால் வியாபாரம் இல்லை. நட்டம் மூவாயிரத்தைத் தொட்டபின் நிறுத்துவதாக இருந்தால் நாலாயிரத்தில்தான் நிற்போம்.

2023 மே மாதத்து ஒரு நாளை அப்படியே நோட்டிலிருந்து எடுத்துச் சொல்கிறேன்.

வீச்சு 18,214-லிருந்து 18,262. அகலம் 48, நடு 18,238. 9:40-க்கு முடிந்த கேண்டில் 18,267-ல் நின்றது. வாங்கினேன், கிடைத்த விலை 18,269. ஸ்டாப் லாஸ் 18,238-ல், அதாவது 31 புள்ளி, 1,550 ரூபாய். நாற்பத்தைந்து நிமிடம் என்றால் 10:25. அதற்குள் வீச்சில் பாதியான 24 புள்ளி, அதாவது 18,293-ஐ ஒரு முறையாவது தொட வேண்டும். கைபேசியில் அலாரம் வைத்தேன்.

பத்து மணிக்கு முன்னால் 18,281 போனது. நாற்காலி நுனிக்கு வந்தேன். அதோடு சரி. அப்புறம் 65-க்கும் 75-க்கும் இடையில் ஊசலாடிக்கொண்டே இருந்தது. வெளியே எங்கேயோ விழுந்தும் விடவில்லை, ஏறவும் இல்லை. இப்படிப்பட்ட வியாபாரத்தில்தான் மனசு வக்கீல் வேலை பார்க்கும். இன்னும் பத்து நிமிடம் கொடுத்தால் என்ன, ஸ்டாப் லாஸ்தான் இருக்கிறதே, நட்டம் அதோடு நிற்குமே என்று வாதாடும். 10:25-க்கு அலாரம் அடித்தபோது விலை 18,262. வெளியேறினேன், கிடைத்தது 18,261. எட்டுப் புள்ளி நட்டம், 400 ரூபாய். செலவோடு 620.

அந்த விலை பதினைந்து நிமிடத்தில் 18,238-ஐ உடைத்துக்கொண்டு கீழே போனது. உட்கார்ந்திருந்தால் 1,550-உம் செலவும் சேர்ந்து 1,770 போயிருக்கும்.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கேண்டில் வீச்சின் அடியை உடைத்து 18,209-ல் முடிந்தது. இப்போது கழித்தல் கணக்கு. மூவாயிரத்தில் 620 போக மீதி 2,380. 18,208-ல் விற்றால் ஸ்டாப் லாஸ் வரைக்கும் 30 புள்ளி, 1,500 ரூபாய், செலவோடு 1,720. மீதிக்குள் அடங்கியது, விற்றேன். காலையில் பிடிவாதமாக உட்கார்ந்து 1,770 இழந்திருந்தால் மீதி 1,230-தான் இருந்திருக்கும். இந்த இரண்டாவது வியாபாரத்துக்கு நோட்டு அனுமதி கொடுத்திருக்காது.

11:20-க்கு விலை 18,180-ஐத் தொட்டது. சிறிய முள்ளின் பரீட்சையில் தேறியது. ஸ்டாப் லாஸை 18,208-க்கு இறக்கினேன். மதியமெல்லாம் ஏறி இறங்கி, ஒரு முறை 18,203 வரைக்கும் மேலே வந்து பயமுறுத்திவிட்டு, 3:10-க்கு 18,171. முடித்தேன். 37 புள்ளி, 1,850 ரூபாய். செலவு போக 1,630. காலை 620-ஐக் கழித்தால் அன்றைய வரவு 1,010 ரூபாய்.

இந்த நாளை நான் சொல்வது ஆயிரத்துப் பத்து ரூபாய்க்காக அல்ல. கடிகாரமும் பணப்பையும் எப்படி ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. நேர வெளியேற்றம் முதல் நட்டத்தைச் சின்னதாக்கியது. சின்னதானதால் வரம்புக்குள் இரண்டாவதற்கு இடம் கிடைத்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே தொந்தரவு போலத்தான் தெரியும்.

கடிகாரம் என்னை ஏமாற்றிய நாட்களும் உண்டு. அதற்காகவே நோட்டில் ஒரு கட்டம் வைத்திருந்தேன்: நேரத்தால் வெளியேறிய ஒவ்வொரு முறையும், ஒரு மணி நேரம் கழித்து விலை எங்கே இருந்தது என்று எழுதுவேன். ஜூலையில் ஒரு நாள் 10:20-க்கு மூன்று புள்ளி நட்டத்தில் வெளியே வந்தேன். இருபது நிமிடம் கழித்துக் கிளம்பிய விலை மாலைக்குள் நூறு புள்ளிக்கு மேல் ஏறியது. அந்த வரியை எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. வருடக் கடைசியில் அந்தக் கட்டத்தை எண்ணிப் பார்த்தேன். என் ஸ்டாப் லாஸை அடித்திருக்கக்கூடியவை, என் பக்கம் போயிருக்கக்கூடியவை, எங்கும் போகாமல் கிடந்தவை மூன்றும் ஏறக்குறைய சம பங்கு. நேர வெளியேற்றம் லாபத்தைக் கூட்டியது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. ஒரு வியாபாரத்தின் சராசரி நட்டத்தை அது ஏறக்குறைய பாதியாக்கியது. அவ்வளவுதான், ஆனால் மூவாயிரத்துக்குள் குடித்தனம் நடத்துகிறவனுக்கு அது பெரிய விஷயம்.

வரம்பை யார் காவல் காப்பது என்பதுதான் கடைசிச் சிக்கல். நோட்டில் எழுதிய விதியை எழுதினவனே அழிக்க முடியும். இப்போது பல தரகர்களின் செயலிகளில் கில் சுவிட்ச் வந்துவிட்டது. அழுத்தினால் சில மணி நேரத்துக்குக் கணக்கு வியாபாரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். அதையும் நான்தான் அழுத்த வேண்டும். தோற்ற கை அதை அழுத்துமா என்ற சந்தேகத்தில்தான் இரண்டாவது சாவியை மனைவியிடம் கொடுத்தேன். கைபேசிச் செயலியையும் அழித்துவிட்டேன். காலை எட்டரைக்குக் கணினியில் ஒரு முறை நுழைவேன். வரம்பு முடிந்தாலோ இரண்டு வியாபாரம் முடிந்தாலோ லாக் அவுட். அப்புறம் அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நாலரை மணி வரைக்கும் உள்ளே நுழைய வழியில்லை. வகுப்பு நேரத்தில் அவள் கைபேசியைத் தொடமாட்டாள். இடையில் இணையம் அறுந்துபோனால் என்ன செய்வது என்று தரகரின் டீலிங் மேசை எண்ணைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

இவ்வளவு பூட்டுப் போட்டும் ஒரு நாள் திருடன் உள்ளேயே இருந்தான்.

ஆகஸ்டில் ஒரு நாள். முதல் வியாபாரம் ஸ்டாப் லாஸில் போனது: இருபது புள்ளி, செலவோடு 1,220. இரண்டாவதில் ஒரு லாட் வாங்கியிருந்தேன். அதற்குக் கீழே விற்பனை ஸ்டாப் லாஸ் ஆர்டர் நின்றுகொண்டிருந்தது. நாற்பத்தைந்து நிமிடம் முடிந்ததும் புதிதாக ஒரு மார்க்கெட் ஆர்டர் போட்டு விற்று வெளியே வந்தேன். எட்டுப் புள்ளி நட்டம், செலவோடு 620. மொத்தம் 1,840, திரை 1,400 என்றுதான் காட்டியது. இரண்டு வியாபாரமும் முடிந்ததால் லாக் அவுட் செய்துவிட்டு நூல் பேல் பார்க்கக் குடோனுக்குப் போய்விட்டேன்.

மாலையில் எக்ஸ்சேஞ்சிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. நான் செய்யாத வியாபாரம் ஒன்று அதில் இருந்தது. மனைவி வந்ததும் எண் வாங்கி உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. லாட்டை விற்ற நான், அதற்குக் காவலாக நின்ற ஸ்டாப் லாஸ் ஆர்டரை ரத்து செய்யவில்லை. மதியம் விலை இறங்கி வந்து அதைத் தட்டியது. கையில் லாட் இல்லாததால் அது புதிதாக ஒரு லாட்டை விற்றுவிட்டது. அப்புறம் விலை ஏறியது. மாலையில் தரகரின் கணினி அதை வெட்டியபோது 27 புள்ளி நட்டம்: 1,350 ரூபாய், செலவு 220, வெட்டுக்கூலி ஜிஎஸ்டியோடு 59. அன்றைய மொத்தம் 3,469. ஒரு வருடத்தில் நான் வரம்பைத் தாண்டிய ஒரே நாள், நான் கணினி முன்னாலேயே இல்லாத நாள்.

பெரியவரிடம் தொலைபேசியில் சொன்னேன். சிரித்தார்.

“புதுசா எதுக்குங்க இன்னொரு ஆர்டர் போடறீங்க? காவலுக்கு நிக்கறவனையே வாசலுக்கு அனுப்புங்க.”

அவர் சொன்னது இதுதான்: வெளியேறும்போது தனியாக மார்க்கெட் ஆர்டர் போடாதே, நிற்கிற ஸ்டாப் லாஸ் ஆர்டரையே திறந்து, அதன் வகையை மார்க்கெட் என்று மாற்று. அதே ஆர்டர் உடனே நிறைவேறி லாட்டை முடித்துவிடும். பின்னால் தொங்க எதுவும் மிஞ்சாது. முதலில் ஸ்டாப் லாஸை ரத்து செய்துவிட்டு அப்புறம் விற்பதும் சரிதான், ஆனால் நடுவில் சில விநாடி காவலில்லாமல் நிற்க வேண்டியிருக்கும். அன்றிலிருந்து லாக் அவுட்டுக்கு முன் இரண்டு பார்வை என்று நோட்டில் சேர்த்தேன்: கையிருப்பு பூச்சியமா, நிலுவை ஆர்டர் பூச்சியமா.

2023 டிசம்பரில் வருடக் கணக்கை முடித்தேன். செலவெல்லாம் போக ஏழாயிரத்துச் சொச்சம் லாபம். ஒரு வருடக் காலைகளுக்கு அது கூலிகூட ஆகாது. இதே முறையை வரம்பில்லாமல் செய்திருந்தால் எங்கே போயிருப்பேன் என்பதற்கு 2022-இன் அந்தத் தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது. நட்ட வரம்பு ஒரு முறையை லாபகரமாக்காது. தோற்கிற முறையை வைத்திருப்பவனை அது மெதுவாகத் தோற்க வைக்கும், அதற்குள் அவன் கண்டுபிடித்துக்கொள்ள அவகாசம் கொடுக்கும். 2024 ஜூலையில் செபி ஒரு ஆய்வு வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில் பங்குகளில் அன்றன்றைக்கு வாங்கி விற்ற தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நட்டத்தில் முடித்திருந்தார்கள் என்றது. அடிக்கடி வியாபாரம் செய்தவர்களிடம் அந்தப் பங்கு இன்னும் அதிகம். நான் செய்தது பியூச்சர்ஸ், ஆனாலும் அதைப் படித்தபோது என் பதினேழு சுற்று நாள்தான் நினைவுக்கு வந்தது.

முறையை நிறுத்தியதும் அந்த மூவாயிரம்தான்.

2024 அக்டோபரில் பியூச்சர்ஸ் மீதான பரிவர்த்தனை வரி 0.0125 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமானது. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை செபி பதினைந்து லட்சமாக உயர்த்தியதால், 2025 தொடக்கத்தில் நிஃப்டி லாட் 75 ஆனது. அப்போது நிஃப்டி 23,000-ஐ ஒட்டி இருந்தது. காலை வீச்சும் அதற்கேற்ப அகலமாகி 70 புள்ளி என்பது சாதாரணமானது. பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். வீச்சில் பாதி 35, நுழைவதிலும் வெளியேறுவதிலும் நழுவுவது ஐந்து, ஆக 40 புள்ளி. 75-ஆல் பெருக்கினால் 3,000. செலவு 500 ரூபாய்க்குக் குறையாது. முதல் வியாபாரமே 3,500.

வரம்பை ஆறாயிரமாக்கிவிடலாமே என்று மனசு மறுபடி வக்கீல் கோட்டை மாட்டியது. ஆனால் மூவாயிரம் லாட்டிலிருந்து வந்த எண் அல்ல. வீட்டில் மாதக் கடைசியில் மிஞ்சுவதிலிருந்து வந்தது. மிஞ்சுவது இரட்டிப்பாகவில்லை. கழித்தல் கணக்கு நாளைக்கு ஒரு வியாபாரத்துக்குக்கூட அனுமதி கொடுக்கவில்லை.

மறுநாள் எட்டரைக்கு மனைவி வாசலில் நின்று கைபேசியை எடுத்தாள்.

“நம்பர் சொல்லட்டுங்களா?”

“வேண்டாம், நீ கிளம்பு. பஸ் போயிரும்” என்றேன்.